திறந்த புத்தகத் தேர்வு: 22 விழுக்காடு தப்பலாம், 16 விழுக்காடு மாட்டலாம்



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் நம் பல்கலைக்கழகங்களின் தேர்வு மண்டபங்கள் மூடப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனாலும் மண்டபத்தில்தான் நடந்தது. பல்கலைக்கழகத்திலோ திறந்த புத்தகத் தேர்வு வீட்டுக்கே வந்துவிட்டது. குறிப்பைப் பார்க்கலாம், இணையத்தையும் பார்க்கலாம். அப்படியானால் எது காப்பி? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? படிவம் ஆறு, டிப்ளோமா மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பல இடங்களில் விடைகள் முதலில் டர்னிட்டின் போன்ற மென்பொருளுக்குப் போகும். அது உங்கள் சொற்களை இணையப் பக்கங்களோடும், ஏற்கெனவே அனுப்பப்பட்ட மாணவர் விடைகளோடும் ஒப்பிட்டு, ஒத்திருக்கும் பகுதியை விழுக்காடாகக் காட்டும். அது சொல்வது 'ஒற்றுமை' மட்டுமே. 'திருட்டு' என்று அது சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பு ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். முல்லைத் திணை பற்றிய கேள்விக்குப் பிரிக்பீல்ட்ஸ் மாணவி ஒருவரும் கிள்ளான் மாணவர் ஒருவரும் ஆளுக்கு 800 சொற்கள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவிக்கு 22 விழுக்காடு, அதாவது 176 சொற்கள். மாணவருக்கு 16 விழுக்காடு, அதாவது 128 சொற்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மாணவிதான் தப்பு செய்தவர் போலத் தெரியும், இல்லையா?

இப்போ அறிக்கையைத் திறந்து பாருங்கள். மாணவியின் 176-இல் 40 சொற்கள் கேள்வியையே திரும்ப எழுதியது. 60 சொற்கள் குறுந்தொகை மேற்கோள்கள். 50 சொற்கள் துணைநூல் பட்டியல். மீதி 26 சொற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பொதுத் தொடர்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை. மாணவரின் 128-இலோ 110 சொற்கள் ஒரே இணையப் பக்கத்திலிருந்து ஒரே பத்தியாக வந்திருக்கின்றன. நடுவில் இரண்டு மூன்று சொற்கள்தான் மாறியுள்ளன, மூலத்தின் பெயரும் இல்லை. ஆக, ஆசிரியர்களே, விழுக்காட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தொடர்ச்சியாக எத்தனை சொற்கள், எத்தனை மூலங்கள் என்று பாருங்கள்.

மாணவர்களே, மேற்கோளுக்கு இரட்டை மேற்கோள்குறி போடுங்கள். மேற்கோளை நீக்கிக் கணக்கிடும் வசதி அந்தக் குறியை வைத்துத்தான் வேலை செய்கிறது. நண்பரோடு பகிர்ந்த குறிப்பை அப்படியே இறக்கினால் இணையத்தில் இல்லாவிட்டாலும் பிடிபடும், ஏனென்றால் இருவர் விடையும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். முதலில் அனுப்பியவருக்கு 4 விழுக்காடு காட்டிவிட்டு, கெடு முடிந்தபின் மறுபடி ஒப்பிடும்போது அது ஏறுவதும் உண்டு.

பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படலாமா? தமிழில் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய 'அம்மா' திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் mk;kh என்றுதான் இருக்கும். இணையத்தில் உள்ள யூனிகோட் தமிழோடு அது ஒத்துப்போகவே போகாது. சந்தேகம் வந்தால் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பிய விடையிலும் ஒப்பிடுவதற்கு எழுத்தே இருக்காது. அதை ஆசிரியர் தானே படித்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஸ்பெக்ட்ரம் தளம் மூடுல் என்ற மென்பொருளில் இயங்குவது. மூடுல் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே Response history என்ற பட்டியல் ஆசிரியருக்குத் தெரியும். விடை எந்த மணிக்குச் சேமிக்கப்பட்டது என்று அதில் இருக்கும். 10.02-க்குத் திறந்த பக்கத்தில் 10.05-க்கு 400 சொற்கள் என்றால், மூன்றே நிமிடத்தில் யாரும் அவ்வளவு தட்டியிருக்க முடியாது. எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறார்.

ஆனால் ஒட்டியதெல்லாம் காப்பி ஆகிவிடாது. லைன் அறுந்துபோகும் என்று பயந்து வேர்டில் எழுதி, கடைசியில் ஒட்டுபவர்கள் நிறைய பேர். எனவே நேரப் பதிவும் ஒற்றுமை அறிக்கையும் ஒரே பத்தியைச் சுட்டினால் மட்டும் மாணவரைக் கூப்பிட்டு, அந்தப் பத்தியை மூடிவைத்து, "இதை உன் சொந்த வார்த்தையில் சொல்லு" என்று கேளுங்கள். எழுதியவருக்கு ஐந்து நிமிடம் போதும். மாணவர்களே, நீங்களும் வேர்டில் எழுதினால் அந்தக் கோப்பை, இடையிடையே சேமித்த வடிவங்களோடு, முடிவு வரும்வரை அழிக்காதீர்கள். கேள்வி எழுந்தால் உங்கள் பக்கம் பேசப்போகும் சாட்சி அதுதான்.