கேஷ்பேக்: கணக்கும் காத்திருப்பும்

பணம் செலுத்தும் செயலிகள் தரும் கேஷ்பேக், செலவழித்த தொகையில் ஒரு பகுதியைப் பின்னர் தனி வரவாகத் திருப்பித் தருவது. உடனடித் தள்ளுபடியில் பில் தொகையே குறைந்துவிடும். கேஷ்பேக்கில் வாடிக்கையாளர் முழுத் தொகையையும் முதலில் கட்டுகிறார். அதன் பிறகு அந்த விற்பனை சலுகையின் நிபந்தனைகளுக்கு உட்பட்டதா, அது நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துத்தான் பணம் வருகிறது. கணக்கில் வரும் குழப்பமும் வரவில் ஏற்படும் தாமதமும் பெரும்பாலும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. கடன் அட்டையில் பணம் செலுத்தும்போது கடைக்காரர் தம் வங்கிக்கு ஒரு கட்டணம் தருகிறார். அதில் பெரும்பங்கு அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. அந்த வருவாயிலிருந்து ஒரு சிறு பகுதியை வங்கி ரிவார்டு பாயின்ட்டாகத் தன் வாடிக்கையாளருக்குத் தருகிறது. ஆனால் இந்தியாவில் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக நடக்கும் யுபிஐ பரிவர்த்தனைக்கு 2020 ஜனவரி முதல் இத்தகைய கட்டணம் கிடையாது. எனவே மளிகைக் கடையில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டும் 200 ரூபாயிலிருந்து செயலிக்குக் கட்டண வருவாய் எதுவும் இல்லை. அதற்குக் கேஷ்பேக் வந்தால் அது செயலியின் விளம்பரச் செலவு, அல்லது ஏதோ ஒரு பிராண்டோ கடையோ தன் விற்பனைக்காக ஒதுக்கிய பணம். இரண்டுக்கும் வரம்பு உண்டு. சலுகை விதிகள் இத்தனை இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு செயலியில் வரும் சலுகை இது: '10 சதவீதம் கேஷ்பேக், அதிகபட்சம் 100 ரூபாய், குறைந்தபட்சம் 999 ரூபாய்க்கு வாங்க வேண்டும், மாதம் ஒரு முறை மட்டும்.' ஒருவர் இணையக் கடையில் 850 ரூபாய்க்கு ஒரு டிபன் கேரியரும் 550 ரூபாய்க்குத் துண்டுகளும் வாங்குகிறார். கடையின் கூப்பனால் 100 ரூபாய் குறைகிறது. டெலிவரிக் கட்டணம் 60 ரூபாய். அவர் கட்டுவது 1,360 ரூபாய். பத்து சதவீதம் என்றால் 136 ரூபாய் வரும் என்று அவர் எதிர்பார்ப்பது இயல்பு.

நிறுவனத்தின் கணக்கு வேறு. பொதுவாக டெலிவரிக் கட்டணம், பேக்கிங் கட்டணம், ஏற்கெனவே கிடைத்த தள்ளுபடி ஆகியவை கேஷ்பேக்குக்கான தொகையில் சேராது. பொருள்களின் விலை 1,400 ரூபாயிலிருந்து கூப்பன் 100 ரூபாயைக் கழித்தால் 1,300 ரூபாய். அதில் பத்து சதவீதம் 130 ரூபாய். உச்சவரம்பு 100 ரூபாய் என்பதால் வருவது 100 ரூபாய்தான். கட்டிய மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் அது 7.4 சதவீதம். இதே சலுகையில் 5,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினாலும் அதே 100 ரூபாய்தான் வரும், அதாவது வெறும் 2 சதவீதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது சதவீதம். ஆனால் பணத்தைத் தீர்மானிப்பது உச்சவரம்பு. உச்சவரம்பைச் சதவீதத்தால் வகுத்தால் எந்தத் தொகை வரை சலுகை முழுமையாகப் பயன்தரும் என்பது தெரிந்துவிடும். இங்கே அது 1,000 ரூபாய். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கேஷ்பேக் இல்லை. குறைந்தபட்சத் தொகை 999 என்று வைக்கப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்ச் செலவுக்கு ஆட்களை இழுப்பதே சலுகையின் நோக்கம் என்பது புரியும்.

பாயின்ட் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. '150 ரூபாய்க்கு 2 பாயின்ட்' என்று ஓர் அட்டை சொன்னால், 1,360 ரூபாயில் முழுமையான 150 ரூபாய்கள் ஒன்பது. மீதி 10 ரூபாய் கணக்கில் வராது. கிடைப்பது 18 பாயின்ட். ஒரு பாயின்ட்டின் மதிப்பு 25 பைசா என்றால் அது நாலரை ரூபாய். பரிவர்த்தனைக்குப் பரிவர்த்தனை இப்படி மீதியைத் தள்ளிவிடும் திட்டத்தில், 140 ரூபாய்க்குப் பத்து முறை தேநீர்க்கடையிலும் பேக்கரியிலும் செலவழித்தவருக்கு ஒரு பாயின்ட்கூடச் சேராது. மாதத் தொகையைக் கூட்டிக் கணக்கிடும் திட்டமாக இருந்தால் அவருக்கு 18 பாயின்ட் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விதிமுறையில் ஒரே வரியில் இருக்கும். சிறு தொகைகளாகச் செலவழிப்பவருக்கு மிக முக்கியமான வரி அதுதான்.

கடையின் வகையும் கணக்கைப் பாதிக்கும். ஒவ்வொரு வணிகருக்கும் அவர் தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று வங்கியால் தரப்பட்டிருக்கும். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுதல் போன்றவற்றைப் பல சலுகைகள் விலக்கிவைக்கின்றன. அந்த விலக்கைச் செயல்படுத்துவது இந்த எண்தான். கடைப் பலகையில் எழுதியிருப்பது வேறு, வங்கிப் பதிவில் இருக்கும் வகை வேறு என்றால் கேஷ்பேக் வராமல் போகும். காரணம் வாடிக்கையாளர் கண்ணுக்கே படாது.

ஸ்கிராட்ச் கார்டு வேறு வகை. அங்கே சதவீதம் இல்லை. ஒரு மொத்தத் தொகை பலருக்கும் சமமில்லாமல் பிரிக்கப்படுகிறது. ஆயிரம் கார்டில் ஒன்றுக்கு 500 ரூபாய், ஒன்பதுக்கு 50 ரூபாய், தொண்ணூறுக்கு 5 ரூபாய், மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை என்று வைத்தால் மொத்தச் செலவு 1,400 ரூபாய். ஒரு கார்டின் சராசரி மதிப்பு 1 ரூபாய் 40 பைசா. '500 ரூபாய் வரை வெல்லலாம்' என்ற விளம்பரம் பொய்யில்லை. ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கே அது பொருந்தும். இத்தகைய அதிர்ஷ்டப் பரிசுகளை 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சில செயலிகளின் விதிமுறைகளில் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இத்தகைய பரிசுகளுக்குத் தகுதியற்றவர்கள் என்ற வரி இடம்பெற்றதற்குக் காரணம் அது.

இனித் தாமதம். முதல் காரணம், கட்டணம் உண்மையிலேயே முடிந்ததா என்பது. கணக்கிலிருந்து பணம் போய், கடைக்கு உறுதிச் செய்தி வராமல் நிற்கும் பரிவர்த்தனைகள் உண்டு. வணிகருக்குச் செய்யும் யுபிஐ பரிவர்த்தனை இப்படி நின்றால், ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்தது. இவ்வாறு தொங்கலில் நிற்கும் கட்டணத்துக்கு நிறுவனம் கேஷ்பேக்கை விடுவிக்காது.

இரண்டாவது காரணம்தான் பெரியது: பொருள் திரும்பி வரலாம். மேலே சொன்ன உதாரணத்தையே தொடர்ந்தால், அவர் துண்டுகள் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிறார். 100 ரூபாய் கூப்பன் இரண்டு பொருள்களுக்கும் விலை விகிதப்படி பிரிக்கப்படும். துண்டுகளின் பங்கு சுமார் 39 ரூபாய். ஆகவே அவருக்குத் திரும்பக் கிடைப்பது 511 ரூபாய். அவரிடம் மிஞ்சும் டிபன் கேரியரின் தள்ளுபடி போக விலை 789 ரூபாய். அது 999க்குக் கீழே. எனவே கேஷ்பேக் குறைவதில்லை, முழுவதுமே ரத்தாகிறது. 100 ரூபாயை முன்பே கொடுத்திருந்தால், நிறுவனம் அதைத் திரும்பப் பிடித்து 411 ரூபாய் மட்டுமே அனுப்ப வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டிருந்தால் சண்டைதான். இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே, பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடு முடியும் வரை கேஷ்பேக் 'நிலுவையில்' என்று காட்டப்படுகிறது. அந்தக் காலக்கெடு ஆர்டர் செய்த நாளிலிருந்து அல்ல, பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

மூன்றாவது, பணம் கைமாற வேண்டிய வழி. கேஷ்பேக்கைத் தருவது வேறொரு பிராண்டாக இருந்தால், எந்தெந்த விற்பனைகள் நிலைத்தன என்ற பட்டியலைக் கடை தயாரித்து, செயலியின் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகே தொகை விடுவிக்கப்படும். இன்னொரு தளத்தின் வழியாகப் போய் வாங்கும்போது கிடைக்கும் கேஷ்பேக் மாதக்கணக்கில் இழுப்பது இதனால்தான். அந்தத் தளத்துக்குக் கடை தரும் கமிஷன் வந்தபின்தான் வாடிக்கையாளரின் பங்கு வரும். இதோடு மோசடிச் சோதனையும் சேரும். ஒரே போனில் பல கணக்குகள், இருவருக்குள் மாறி மாறி அனுப்பப்படும் ஒரே தொகை, சொந்தக் கடைக்கே செலுத்தும் பணம் ஆகியவை ஒரு பரிவர்த்தனையைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. சில நாள்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் வெளிப்படும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. கடையில் ஸ்கேன் செய்து கட்டும் சிறு தொகைக்குச் செயலி தன் பணத்திலிருந்தே தரும் சில ரூபாய் பெரும்பாலும் உடனே வந்துவிடும். பிடிப்பதற்குப் பட்டியலும் இல்லை, பார்ப்பதற்குக் காலக்கெடுவும் இல்லை. எனவே, பொருளைத் திருப்பித் தரும் காலம் பத்து நாளில் முடியும் விற்பனைக்குத் தொண்ணூறு நாள் காக்கச் சொல்லும் சலுகையில், மீதி எண்பது நாளையும் அவசியத்தின் கணக்கில் எழுத முடியாது. அதுவரை பணம் நிறுவனத்திடம் இருக்கிறது. மறந்துபோனவர்களின் கேஷ்பேக்கும் காலாவதியான பாயின்ட்டும் அதற்கு மிச்சம். வரவு வங்கிக் கணக்கில் வருகிறதா, காலாவதித் தேதியுள்ள வாலட் தொகையாக வருகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். பின்னதை அந்தச் செயலியிலேதான் செலவழிக்க முடியும். பெரும்பாலும் வங்கிக்கு மாற்ற முடியாது.

எதிர்பார்த்த நாளில் வரவில்லை என்றால், முதலில் செயலியின் ரிவார்டு பகுதியில் அந்த ஆர்டர் 'நிலுவை', 'உறுதி', 'ரத்து' ஆகியவற்றில் எந்த நிலையில் உள்ளது என்று பார்க்க வேண்டும். அங்கே பதிவே இல்லையென்றால், சலுகை அந்தக் கட்டணத்தோடு இணையவில்லை என்று பொருள்: கூப்பனைச் சேர்க்க மறந்திருக்கலாம், மாத வரம்பு முடிந்திருக்கலாம், விலக்கப்பட்ட வகைக் கடையாக இருந்திருக்கலாம். 'ரத்து' என்றால் காரணம் கேட்கலாம். புகார் செய்ய, சலுகை விதிகளின் அன்றைய ஸ்கிரீன்ஷாட்டும் யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணும் தேவை. விதிகள் பின்னர் மாறிவிடும் என்பதால் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கும்போதே எடுத்து வைப்பது நல்லது. செயலியின் உதவிப் பிரிவு தீர்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கேஷ்பேக் 'பெற' யுபிஐ பின் எண்ணைக் கேட்டு வரும் அழைப்போ இணைப்போ இந்த வரிசையில் எங்கும் இல்லை. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் நடப்பது கணக்கிலிருந்து பணம் போவது.