இயற்கை வேலையின்மை வீதம்: கலைச்சொல்லும் கணக்கும்

மில்டன் ஃப்ரீட்மன் 1967 இறுதியில் நிகழ்த்தி 1968இல் வெளியிட்ட உரையில் ‘இயற்கை வேலையின்மை வீதம்’ என்னும் தொடரை வழங்கினார். விக்செல் வட்டி பற்றிக் கையாண்ட ‘இயற்கை வீதம்’ என்பதிலிருந்து அதனைப் பெற்றார். இங்கு ‘இயற்கை’ என்பது மாற்றவியலாதது எனப் பொருள்படாது; ஃப்ரீட்மனே இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். அவ்வீதம் எவ்வாறு அமைகிறது என்பதைக் கணக்கின் வழியே காண்பது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்தரும்.

உழைப்பாளர் 1000 பேர் எனக் கொள்வோம். பணியிலிருப்போருள் மாதந்தோறும் 2 விழுக்காட்டினர் பணியிலிருந்து நீங்குகின்றனர். வேலையற்றோருள் 38 விழுக்காட்டினர் பணி பெறுகின்றனர். வேலையற்றோர் 100 பேராக இருப்பின், அம்மாதம் 38 பேர் பணி பெறுவர். எஞ்சிய 900 பேருள் 18 பேர் பணியை விட்டு நீங்குவர். வேலையற்றோர் 80 ஆகக் குறைவர். அடுத்த மாதம் 68. இக்குறைவு 50இல் ஓய்கிறது. அங்கு 950 பேருள் 19 பேர் நீங்க, 50 பேருள் 19 பேர் பணி பெறுகின்றனர். உள்வரவும் வெளிச்செலவும் ஒத்தமையால் எண்ணிக்கை மாறுவதில்லை. பணிநீங்கல் வீதம் s, பணிபெறல் வீதம் f எனில், வேலையின்மை வீதம் u பின்வருமாறு அமையும்:

u = s / (s + f)

0.02 / 0.40 = 0.05, அதாவது 5 விழுக்காடு. இவ்வழியில் இயற்கை வீதத்தை விளக்கியவருள் ராபர்ட் ஹால் (1979) குறிப்பிடத்தக்கவர்.

இந்நிலையைத் ‘தேக்கநிலை’ என்று பெயர்த்தல் பிழையாகும். மாதந்தோறும் 19 பேர் வெளியேற, வேறு 19 பேர் உட்புகுகின்றனர். மாறாதிருப்பது தொகை மட்டுமே. ஆதலின் ‘மாறாநிலை’ என்பதே பொருந்தும். ‘பணிநீக்கம்’ என்பதும் ஈண்டுப் போதாது. நீக்கு என்னும் பிறவினை முதலாளியின் செயலை மட்டுமே சுட்டும். தாமே விலகுவோரும் s என்பதனுள் அடங்குவர். தன்வினையாகிய நீங்கு என்பதனடியாகப் பிறந்த ‘பணிநீங்கல்’ இரண்டையும் தழுவும். ‘வீதம்’ என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு: u ஒரு குறித்த நாளில் உள்ள விகிதம், s, f ஆகியன ஒரு காலஅளவிற்கு உரியன. பின்னிரண்டனோடும் ‘மாதத்திற்கு’ என்னும் அடையைச் சேர்க்காவிடில் வாசகர் மூன்றையும் ஒரே வகையின எனக் கொள்வர்.

இக்கணக்கு வேலை தேடுவதையே கைவிட்டோரைக் கருதுவதில்லை. மேலும், நெருக்கடி மாதம் ஒன்றின் s, f மதிப்புகளை இட்டால் கிடைப்பது இயற்கை வீதமன்று. நீண்டகாலச் சராசரிகளே அதற்கு வேண்டும்.

s, f இரண்டும் பாதியாகக் குறைந்தால், 0.01 / 0.20, விடை மீண்டும் 5 விழுக்காடே. ஆயின் வேலையற்றிருக்கும் சராசரிக் காலம் 1/f ஆதலின், அது ஏறத்தாழ 2.6 மாதத்திலிருந்து 5.3 மாதமாக நீள்கிறது. கண்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இவ்விரு வீதங்களும் அமெரிக்காவினும் குறைவு. எனவே இரு நாடுகளின் வேலையின்மை வீதம் ஒன்றாயிருந்தும் வேலையற்றோர் காத்திருக்கும் காலம் பெரிதும் வேறுபடலாம்.