தொலைக்காட்சிக்குள் இரண்டு குரல்கள்

விழித்திரை நோயால் பார்வை போய்விட்ட ஒரு பெரியவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடத்துச் சுவரில் புது ஸ்மார்ட் டிவி. ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் ஏதோ நகர்கிறது; எது, எங்கே என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது: "கண்ணு, அந்தப் படத்தைக் கொஞ்சம் போட்டுக் குடும்மா."

பேத்தி வந்து போடுகிற வேலையில் பெரும்பகுதியை அந்த டிவியே அவருக்குச் செய்துகொடுக்கும். அதற்கு இரண்டு குரல்களை இயக்க வேண்டும். ஒன்று, மெனுவைப் படித்துச் சொல்லும் குரல். அது டிவியின் வேலை. மற்றொன்று, படத்தில் பேச்சில்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று விவரிக்கும் குரல். அதுதான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன், ஒலி வருணனை. அதைப் படத்தைத் தருகிறவர்கள் தனி ஒலித்தடமாகச் சேர்த்திருந்தால்தான் கேட்கும். பல வீடுகளில் முதலாவதை மட்டும் இயக்கிவிட்டு, 'படம் ஓடும்போது பேச மாட்டேன் என்கிறதே' என்று குழம்புகிறார்கள்.

முதல் குரலுக்கு வருவோம். பெரியவர் வீட்டில் இருப்பது கூகிள் டிவி என்றால், அதில் இந்த வசதியின் பெயர் TalkBack. முதல்முறை பார்வையுள்ள ஒருவர் Settings, System, Accessibility என்று போய் TalkBack-ஐ இயக்கிக் கொடுக்கலாம். பழைய ஆண்ட்ராய்டு டிவிகளில் System என்பதற்குப் பதில் Device Preferences என்றிருக்கும். அதே பக்கத்தில் Accessibility shortcut என்பதையும் இயக்கிவிட வேண்டும். அதன்பின் ரிமோட்டில் 'பின்செல்' பொத்தானையும் கீழ் அம்புக்குறியையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் குரல் வரும். மறுபடி அழுத்தினால் நிற்கும். சாம்சங் டிவியில் இதற்கு Voice Guide என்று பெயர். அங்கே ஒலியளவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே குறுக்குவழி மெனு திறக்கும். அமேசான் ஃபயர் டிவியில் VoiceView. பின்செல், மெனு பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து இரண்டு நொடி பிடிக்க வேண்டும்.

குரல் வந்த பிறகு அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால், தேர்வு எதன்மேல் நிற்கிறதோ அதன் பெயரை டிவி சொல்லும். வேண்டியது வந்ததும் நடுப் பொத்தான். முதியவர்களுக்குப் பேச்சு வேகம் பெரும்பாலும் அதிகமாகத் தெரியும். Text to speech பகுதியில் அதைக் குறைத்துவிடலாம். குரலின் மொழியும் அங்கேதான். மெனு ஆங்கிலத்தில் இருக்கக் குரலை வேறு மொழிக்கு மாற்றினால் உச்சரிப்பு சிதையும். இரண்டும் ஒரே மொழியாக இருப்பது நல்லது.

இனி இரண்டாவது குரல். நெட்ஃபிளிக்ஸில் படம் ஓடும்போது ஒலி, வசன மொழிகளைத் தேர்வு செய்யும் மெனுவைத் திறந்தால், ஒலி மொழிகளின் வரிசையில் English - Audio Description போன்ற ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்துவிட்டதா என்று சோதிக்க, யாரும் பேசாத ஒரு காட்சி போதும். கதவு திறக்கும் ஓசைக்கு அடுத்து 'அவள் உள்ளே வந்து விளக்கை அணைக்கிறாள்' என்பதுபோல் ஒரு குரல் சொன்னால் சரி. வெறும் பின்னணி இசை மட்டும் கேட்டால், இன்னும் சாதாரணத் தடத்தில்தான் இருக்கிறது. அந்த வரியே மெனுவில் இல்லை என்றால் அந்தப் படத்துக்கு வருணனை தரப்படவில்லை. டிவியில் எதை மாற்றினாலும் அது வராது.

இந்தத் தடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2015 ஏப்ரலில் 'டேர்டெவில்' தொடரை வெளியிட்டபோது, அதன் நாயகன் பார்வையற்ற வழக்கறிஞர். பார்வையற்றவர்களுக்கோ ஒலி வருணனை இல்லை. எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே சேர்த்தார்கள். இந்தியாவில் 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு இந்தியில் ஒலி வருணனை தயாரிக்கும்படி உத்தரவிட்டது. தமிழ்ப் படங்களில் இந்த வரி இன்னும் அரிதாகத்தான் தென்படுகிறது.

எல்லாம் சரியாக இருந்தும் குரல் திடீரென நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு: செட்டாப் பாக்ஸ். கேபிள் அல்லது டிஷ் பெட்டியிலிருந்து வரும் மெனு டிவிக்கு வெறும் படம்தான். அதிலுள்ள எழுத்தை TalkBack படிப்பதில்லை. பெட்டிக்கே பேசும் வசதி இருந்தால் ஒழிய, அங்கே சேனல் எண்களை நினைவில் வைத்துக்கொள்வதே வழி. குரல் நின்றால் டிவி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ரிமோட்டில் முகப்புப் பொத்தானை அழுத்த, மறுபடி பேசத் தொடங்கினால் காரணம் பெட்டிதான்.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு. குழந்தைகள் விளையாட்டாக இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திவிட, 'டிவி தானாகப் பேசுகிறது' என்று வீட்டில் பதறுவார்கள். யாராவது Settings-க்குள் போய் அணைக்கும்போது குறுக்குவழியையும் சேர்த்து அணைத்துவிட்டால், பெரியவர் மறுபடி பேத்தியைத்தான் கூப்பிட வேண்டும். குறுக்குவழியை விட்டுவைத்து, குரலை மட்டும் அதே இரண்டு பொத்தான்களால் நிறுத்தினால் போதும். அந்தப் பொத்தான்கள் இரண்டிலும் சிறு பொட்டு ஒட்டிவிட்டால், அவர் விரலாலேயே தேடிக் கண்டுபிடித்து, தானே குரலை வரவழைத்துக்கொள்வார்.