பெயர் வங்கியுடையது, செய்தி யாருடையது?

“வங்கி அனுப்பிய பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்திருக்கிறதே, இது எப்படிப் பொய்யாகும்?” மோசடிக் குறுஞ்செய்திகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே என்னிடம் உறவினர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக 11 எழுத்துகள் வரை ஒரு பெயரை இடலாம். அந்தப் பெயர் உண்மையா என்று குறுஞ்செய்தி முறை தானாகச் சோதிப்பதில்லை. கடித உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதுபோலத்தான். நம் கைப்பேசியும் பெயரை மட்டுமே பார்த்து, ஒரே பெயரில் வருபவற்றை ஒரே வரிசையில் அடுக்குகிறது. மோசடிக்காரர் வங்கியின் பெயரை அப்படியே இட்டால், அவருடைய செய்தி நேற்று வந்த உண்மையான ஓடிபிக்கு அடியில் வந்து உட்காரும். இதற்காக அவர் வங்கியின் கணினிக்குள் நுழைய வேண்டியதே இல்லை.

சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் நடந்தது இதுதான். ஓசிபிசி வங்கியின் பெயரில், கணக்கில் சிக்கல் இருப்பதாகச் சொல்லி, இணைப்புடன் செய்திகள் வந்தன. இணைப்பைத் தட்டியவர்கள், வங்கியின் தளத்தைப் போலவே இருந்த பக்கத்தில் பயனர் பெயர், மறைச்சொல், ஓடிபி ஆகியவற்றைத் தந்தார்கள். மோசடிக்காரர்கள் அவற்றை உடனே உண்மையான தளத்தில் பயன்படுத்திக் கணக்குகளைக் கைப்பற்றினார்கள். ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். வங்கி பின்னர் நல்லெண்ண அடிப்படையில் அவர்களுக்கு முழுத் தொகையையும் வழங்கியது.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் வந்தன. வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலிருந்து இணைப்புகளை நீக்கும்படி 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அறிவித்தது. 2023 ஜனவரி 31 முதல், பெயரிட்டு அனுப்பும் நிறுவனங்கள் அப்பெயரைப் பதிவு செய்வது கட்டாயமானது. பதிவில்லாத பெயரில் வருபவை Likely-SCAM என்ற தலைப்பில் தனி வரிசைக்குப் போயின.

இதற்கும் எல்லை உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வழியாக வரும் செய்திகளைத்தான் பதிவேடு வடிகட்டும். வேறு சில நாடுகளில், மோசடிக்காரர்கள் போலிக் கைப்பேசிக் கோபுரக் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு, அருகிலுள்ள கைப்பேசிகளுக்கு நேரடியாகவே செய்தி அனுப்பிப் பிடிபட்டிருக்கிறார்கள். அப்படி வரும் செய்தியைப் பதிவேட்டால் தடுக்க முடியாது.

ஆகவே, செய்தி எந்த வரிசையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். இணைப்பைத் தட்டச் சொன்னால், வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். உண்மையான சிக்கல் அங்கேயும் தெரியும். சந்தேகம் இருந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம். விவரங்களை ஏற்கெனவே தந்துவிட்டவர்கள், வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணை உடனே அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். எண்ணை அந்தக் குறுஞ்செய்தியிலிருந்து எடுக்காதீர்கள்.