"3 நாளில் டெலிவரி"ன்னு போட்டீங்களா? மாட்டிக்காதீங்க! ஆன்லைனில் கிரைண்டர் விற்பவர்கள் கவனத்துக்கு...

கோவை:

கோவை கிரைண்டருக்கு ஊர் ஊராக மவுசு. இப்போது கடை வைத்திருப்பவர் மட்டுமல்ல, வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு விற்பவர்களும் நிறைய. வியாபாரம் நடக்கிறது. கூடவே சண்டையும் நடக்கிறது. பெரும்பாலும் சரக்கால் அல்ல, விளம்பரத்தில் எழுதும் ஒரு வரியால்!

இப்படி வைத்துக்கொள்வோம். நெல்லைக்காரர் ஒருவர் வியாழக்கிழமை சாயந்தரம் 4,500 ரூபாய் அனுப்பி டேபிள் டாப் கிரைண்டர் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசம், சீர் வைக்க வேண்டும். விளம்பரத்தில் "3 நாளில் வீடு தேடி வரும்" என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை பேக்கிங். சனிக்கிழமை லாரியில் ஏறுகிறது. ஞாயிறு பார்சல் ஆபீஸ் லீவு. திங்கட்கிழமை நெல்லை குடோன். செவ்வாய்க்கிழமை போன் வருகிறது, "வந்து எடுத்துட்டுப் போங்க" என்று. பத்து, பன்னிரண்டு கிலோ பெட்டியை பஸ்சிலா தூக்கி வருவார்? "வேண்டாம்ப்பா, பணத்தைத் திருப்பி அனுப்பு" என்கிறார்.

அவர் கேட்பது நியாயம்தான். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, சொன்ன நாளைத் தாண்டி சரக்கு வந்தால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. வெள்ளம், புயல் மாதிரி கைமீறிய காரணம் இருந்தால்தான் விலக்கு. ஆக, போக வர லாரி வாடகை வியாபாரி தலையில். "6 நாள்" என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. நெல்லைக்காரரும் முதலிலேயே லோக்கல் கடைக்குப் போயிருப்பார்.

சரி, எப்படி எழுதுவது? கடைசியாக அனுப்பிய 20 பார்சலை எடுத்துப் பாருங்கள். சீக்கிரம் போனதை விடுங்கள், லேட்டாகப் போனது எத்தனை நாள் என்று பார்த்து அதை எழுதுங்கள். இப்படி:

"பணம் வந்த 2 வேலை நாளில் லாரியில் ஏற்றுவோம். அதிலிருந்து தமிழ்நாட்டுக்குள் 4 வேலை நாள். ஞாயிறு, பண்டிகை லீவு கணக்கில் வராது. உங்கள் ஊர் பார்சல் ஆபீசில் வந்து எடுக்க வேண்டும். வீட்டு டெலிவரிக்கு வாடகை தனி."

அடுத்தது ரிட்டர்ன். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் அச்சடித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழுதான பொருள் விஷயத்தில் அது செல்லாது. எத்தனை நாள் என்று பில்லில் எதுவுமே எழுதாவிட்டால், 30 நாள் வரை திருப்பித் தரலாம் என்கிறது 2019 நுகர்வோர் சட்டம். எழுதாமல் விட்டால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள்!

கிரைண்டரில் வழியில் உடைவது கல்தான். அதனால், "பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். கல் உடைந்திருந்தால் 2 நாளில் அனுப்புங்கள். எங்கள் செலவில் வேறு கல் தருவோம். நல்ல நிலையில் உள்ளதை, கலர் பிடிக்கவில்லை என்று திருப்புவதானால் 7 நாளுக்குள், மாவு ஆட்டாமல் இருக்க வேண்டும், வாடகை உங்களுடையது" என்று எழுதலாம். "வீடியோ இல்லையேல் எதுவும் கிடையாது" என்று மட்டும் போடாதீர்கள். உண்மையிலேயே உடைந்து வந்ததை வீடியோ இல்லை என்பதற்காகத் தட்டிக்கழிக்க முடியாது. வீடியோ என்பது யார் தப்பு என்று சீக்கிரம் தெரியத்தான்.

பெரிய தகராறு வாரண்டியில். நம்ம ஊரில் கேரண்டி என்றால் புதுசு மாத்தித் தருவாங்க, வாரண்டி என்றால் ரிப்பேர் பண்ணித் தருவாங்க என்று ஒரு கணக்கு. ஆனால் வாங்கும் அவசரத்தில் ரெண்டும் ஒன்றாகிவிடும். "5 வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் போட்டால், வாங்குபவர் மொத்த கிரைண்டருக்கும் என்றுதான் நினைப்பார். விற்பவர் மனதில் இருப்பது மோட்டார் மட்டும். மூன்றாவது வருடம் பெல்ட் அறுந்ததும் சண்டை!

"மோட்டாருக்கு பில் தேதியில் இருந்து 5 வருடம். பழுது பார்த்துத் தருவோம், புது கிரைண்டர் தரமாட்டோம். பெல்ட், வயர் தேய்மானத்துக்கு வாரண்டி இல்லை. டிரம்மில் போட்ட கோட்டுக்கு மேல் அரிசி போட்டு மோட்டார் கருகினால் வாரண்டி இல்லை. கோவைக்கு அனுப்பும் வாடகை உங்களுடையது, திருப்பி அனுப்புவது எங்களுடையது." இவ்வளவுதான்.

இதை எங்கே போடுவது என்பதும் முக்கியம். பணம் வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "படிச்சிட்டேன், சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே வாசகம் பில்லிலும் இருக்கட்டும். பணம் வாங்கிய பிறகு அனுப்பினால், அது புதுசா போட்ட கண்டிஷன் என்றுதான் எதிராளி சொல்வார்.

வாங்குபவர்களும் இதையெல்லாம் கேட்டு வாங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வியாபாரி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம். முதலில் கேட்பது பில்லும், வியாபாரி எழுதிக் கொடுத்ததும்தான்.