அப்பா படித்தாலும் தலைகுனிய வேண்டாத ஒரு செய்தி

இரவு பதினொன்றே கால். செல்போனில் வந்து விழுகிறது: “வீட்ல சொல்லிட்டேன். அப்பா எதுவுமே பேசல, எழுந்து போய்ட்டார். அம்மா அழுதுட்டே இருக்காங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.”

காதலிப்பவர்கள் பலருக்கு இப்படி ஓர் இரவு வருகிறது. சாதி வேறு, மதம் வேறு, வசதி வேறு. சில வீடுகளில் வெறும் ஜாதகம். காரணம் எதுவானாலும் அந்த நேரத்தில் வீட்டுக்குள் தனியாக நிற்பவர் ஒருவர்தான். மறுமுனையில் இருப்பவர் கையில் இருப்பது ஒரே ஒரு காரியம்: பதில் எழுதுவது. அந்தப் பதில் அவள் தோளிலிருந்து ஒரு பாரத்தையாவது இறக்கி வைக்க வேண்டும். பெரும்பாலும் நாம் எழுதுவது இன்னொரு பாரத்தை ஏற்றிவிடுகிறது.

ஒரு ஜோடியை வைத்துப் பார்ப்போம். திண்டுக்கல்லில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், இருவருக்கும் வயது 26. அவன் கோவையில் பம்ப் செட் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் ஊரிலேயே தனியார் பள்ளியில் ஆசிரியை. சாதி வேறு. அவள் செய்தியைப் பார்த்ததும் அவன் கை பதற அடிப்பது இப்படித்தான் இருக்கும்:

“அழாத. உங்கப்பா இந்தக் காலத்துலயும் ஜாதி பார்ப்பாரா? நீ ஸ்ட்ராங்கா நில்லு. ஒத்துக்கலன்னா ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணிக்கலாம். நீ இல்லாம என்னால உயிரோட இருக்க முடியாது. நீ என் பக்கம்தானே?”

இதில் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் அவள் இருக்கும் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். அப்பா மீது அவளுக்கே ஆயிரம் கோபம் இருக்கலாம். அதையே வெளியிலிருந்து இன்னொருவர் சொல்லும்போது, மனசு தன்னையறியாமல் அப்பாவுக்காகப் பேச ஆரம்பித்துவிடும். சாயங்காலம் அப்பா முன்னால் அவனுக்காகப் பேசியவள், ராத்திரி அவன் முன்னால் அப்பாவுக்காகப் பேச வேண்டும். இரண்டு கோர்ட்டிலும் அவளே வக்கீல்.

அடுத்தது அந்த உயிர் வரி. இப்படிப்பட்ட இரவுகளில் அம்மாவோ பாட்டியோ “நான் விஷத்தைக் குடிச்சிடுவேன்” என்று சொல்லிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அதே நேரத்தில் அவனும் “உயிரோட இருக்க முடியாது” என்றால், இரண்டு உயிர்களை அவள் தலையில் வைத்தாயிற்று. கடைசிக் கேள்வி அதைவிட மோசம். “என் பக்கம்தானே?” என்றால் அங்கே இரண்டு பக்கங்கள் இருக்கின்றன, ஒன்றை இப்போதே தேர்ந்தெடு என்று அர்த்தம். அவள் வீட்டில் கேட்கிற கேள்வியும் அதுவேதான்.

அதே பையன் பத்து நிமிடம் மாடியில் நடந்துவிட்டு வந்து, அடித்ததை அழித்துவிட்டு இப்படி எழுதினால்?

“படிச்சேன். தனியா நின்னு இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பன்னு புரியுதும்மா. அழணும்னா அழு. அப்பா சொல்ற காரணம் சரின்னு நான் நினைக்கல. ஆனா உன்னை வளர்த்தவர் அவர். ‘அவரா, நானா’ன்னு நான் உன்னை ஒருநாளும் கேட்க மாட்டேன். இன்னைக்கு ராத்திரி நீ எதையும் முடிவு பண்ண வேண்டாம். இதுக்குப் பதிலும் போட வேண்டாம். நான் எங்கேயும் போகல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசுவோம், முடியலன்னா அடுத்த ஞாயிறு. அதுக்குள்ள எங்க வீட்ல நான் பேசிடறேன், அது என் வேலை. நடுவுல ஏதாவது பயமா இருந்தா எந்த நேரம்னாலும் கூப்பிடு. அம்மா சாப்பிட்டாங்களான்னு பாரு. நீயும் ரெண்டு வாய் சாப்பிட்டுப் படு.”

இந்தச் செய்தி செய்கிற முதல் காரியம், வேறு யார் படித்தாலும் அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. விஷயம் தெரிந்ததும் வீட்டில் முதலில் கை வைப்பது போன் மீதுதான். அண்ணன் வாங்கிப் பார்ப்பான், அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். அங்கே “உங்கப்பா” என்ற சொல் இருந்தால், பின்னால் வரும் நூறு சமாதானங்களும் எடுபடாது. “அப்பா” என்று இருந்தால், அது யாருடைய அப்பாவையோ பற்றிய பேச்சாக இல்லை. தன்னைத் திட்டி எழுதியிருப்பான் என்று தேடிப் படிக்கிற மனிதருக்கு, தன் மனைவி சாப்பிட்டாளா என்று ஒருவன் கேட்டிருப்பது கண்ணில் படும். அதனால் மனம் மாறிவிடுவார் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் போனை வைத்து மகளை அவமானப்படுத்த அவருக்கு ஒரு வரியும் கிடைக்காது.

அதற்காகத் தன்மானத்தை விட வேண்டியதில்லை. தன் சாதியைக் காரணம் காட்டி மறுக்கப்படுகிறவனுக்கு அந்த மறுப்பு ஓர் அவமானம். அதை விழுங்கிவிட்டு “அப்பா சொல்றதும் நியாயம்தான்” என்று எழுதினால் அது பொய். பொய் வெகுநாள் தாங்காது, ஒரு நாள் வெடிக்கும். “சரின்னு நான் நினைக்கல” என்ற ஒரு வரி அதனால்தான் அங்கே இருக்கிறது. மீதிக் கோபம் நிஜமானது, அதற்கும் ஓர் இடம் வேண்டும். நண்பனிடம் கொட்டலாம், அண்ணனிடம் கொட்டலாம். அந்த இரவில் அவளிடம் வேண்டாம்.

இரண்டாவது, காத்திருப்பதற்கு அந்தச் செய்தி ஒரு நாளையும் ஒரு வேலையையும் கொடுக்கிறது. “எவ்வளவு நாளானாலும் காத்திருப்பேன்” என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கேட்பவருக்கு அது கடன்போல் ஏறிக்கொண்டே போகும்: ‘பாவம், எனக்காக எத்தனை நாள்’ என்று. ஞாயிறு சாயங்காலம் என்று சொல்லிவிட்டால் அதுவரை அவள் மூச்சுவிடலாம். தமிழில் பொறுமை, பொறுப்பு இரண்டும் ‘பொறு’ என்ற ஒரே வேரில் பிறந்தவை. தன் பங்கு வேலையை எடுத்துச் செய்யாமல் பொறுத்திருப்பது வெறும் காத்துக் கிடப்புதான்.

அந்த வேலை என்ன? முதலாவது, தன் வீடு. பல பையன்கள் “அவங்க வீட்ல முதல்ல சரின்னு சொல்லட்டும்” என்று தன் வீட்டில் வாயே திறப்பதில்லை. நாளைக்கு அவள் அப்பா இறங்கி வந்து “உங்க வீட்ல என்ன சொல்றாங்க?” என்று கேட்டால் பதில் இருக்காது. அடுத்தது, பேசப் போவதற்கு ஓர் ஆள். அவனே நேரில் போய் நிற்பது முதல் மாதத்தில் பெரும்பாலும் எரிகிற தீயில் எண்ணெய்தான். அப்பா யார் பேச்சைக் கேட்பார் என்பது அவளுக்குத்தான் தெரியும். தாய்மாமாவாக இருக்கலாம், அப்பாவோடு வேலை பார்த்த நண்பராக இருக்கலாம். நம்மை ஆதரிப்பவர் என்பதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் நடக்கிற தவறு. காதல் கல்யாணம் செய்துகொண்ட சித்தப்பா நமக்கு நல்லவர். ஆனால் “நீ கெட்டது போதாதா” என்று அப்பா அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அப்பா மதிக்கிற, நம்மைப் பற்றி இன்னும் எந்த முடிவுக்கும் வராத ஒருவர்தான் வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பது அவள். அவசரப்படுத்தாமல் இருப்பது அவன் பங்கு.

நடுவில் வருகிற நாட்கள்தான் கடினம். தினமும் “என்னாச்சு?” என்று கேட்காதீர்கள். ஒன்றும் ஆகியிருக்காது, அதைத் தினமும் தட்டச்சு செய்வதே அவளுக்கு ஒரு தோல்வி. பம்ப் டெஸ்டிங்கில் இன்று நடந்ததை எழுதலாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். இந்தப் பிரச்சினைக்கு முன்னால் இருவருக்கும் இடையே என்ன பேச்சு இருந்ததோ, அது நின்றுவிடக் கூடாது. ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டாம்.

ஆனால் எல்லா மறுப்பும் பொறுமைக்குரியது அல்ல. கோபம் வேறு, ஆபத்து வேறு. பேசாமல் இருப்பது, அழுவது, சொந்தக்காரர்களைக் கூட்டிப் புலம்புவது எல்லாம் கோபம். அதற்குக் காலம் கொடுக்கலாம். வேலையை விடச் சொல்வது, போனைப் பிடுங்குவது, வெளியே விடாமல் பூட்டுவது, அடிப்பது, அவசர அவசரமாக வேறு மாப்பிள்ளை பார்த்துத் தேதி குறிப்பது, “வெட்டிடுவோம்” என்பது எல்லாம் ஆபத்து. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் வீடியோவில் பார்த்தவர்கள். மிரட்டலை “சும்மா சொல்றாங்க” என்று கடந்துபோக நமக்கு உரிமையில்லை. “ஏதாவது பயமா இருந்தா” என்ற வரி இதற்காகத்தான். அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று அவன் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருந்தால் திருமணத்துக்கு அவர்கள் சம்மதமே போதும். குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, இத்தகைய ஜோடிகளுக்குப் பாதுகாப்புத் தர மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112. மதம் வேறானவர்கள் பயன்படுத்தும் 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு. அது அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும் என்பதால், வீட்டுக்குத் தெரிந்துவிடலாம் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். இருவரும் இந்துக்களாக இருந்தால் தமிழ்நாட்டில் 1967-ல் சட்ட அங்கீகாரம் பெற்ற சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. இவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவன் தன்னிடம் வைத்திருக்கலாம். முதல் இரவிலேயே “ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்” என்று அவள் முன் வைக்க வேண்டியதில்லை.

ஒருவேளை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் வீடு அசையாமல் போகலாம். அப்போது எடுக்கும் முடிவு எதுவானாலும் அது அவளுடையதாக இருக்க வேண்டும். அவசரத்தில் தள்ளப்பட்டு வந்தவள், வந்த பிறகும் பாதி வழியிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

திரும்ப அந்த இரவுக்கே வருவோம். பதில் போட வேண்டாம் என்று அவன் எழுதியிருக்கிறான், அதனால் எதுவும் வரவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இப்படிப்பட்ட ஒருத்தியிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒரே சொல்லாகத்தான் இருக்கும்: “சாப்டியா?”

அப்பாவைப் பற்றி அதில் எதுவும் இல்லை, கல்யாணத்தைப் பற்றியும் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க அழுதவளுக்கு, இன்னொருவர் பசியை நினைக்கிற அளவுக்கு மனசில் இடம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.