கையெழுத்துக்கு முன் ஒரு பழக்கம்

மென்பொருள், கட்டடம் போன்றவற்றைச் செய்து வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் பணிகளில், ஊழியர்களுக்கான பயிற்சித் திட்டமும் பயனர் கையேடும் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இடம்பெறும். அவற்றுக்கும் தேதி உண்டு. வாடிக்கையாளர் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் அவை முடிந்ததாகக் கணக்கு.

பயிற்சித் திட்டம் ஆள்களிலிருந்து தொடங்குகிறது. ஒரு மருத்துவமனை மருந்தகத்துக்குப் புதிய பில்லிங் மென்பொருள் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கவுன்டரில் பில் போடுபவருக்குத் தெரிய வேண்டியது வேறு, சரக்கை வரவு வைப்பவருக்கு வேறு. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து எல்லாத் திரைகளையும் ஓட்டிக் காட்டுவது பயிற்சி ஆகாது. மருந்தகம் இரவும் பகலும் திறந்திருப்பதால் ஷிப்ட் வாரியாகத்தான் ஆள்களை விடுவிக்க முடியும். அந்த நேரத்தில் கவுன்டரை யார் பார்ப்பது என்பதையும் திட்டம் சொல்ல வேண்டும். பழகுவதற்கு மென்பொருளின் தனிப் பிரதி ஒன்றும் தேவை. உண்மையான தரவில் பழகினால் பொய் பில்கள் கணக்கில் ஏறிவிடும்.

எப்போது பயிற்சி என்பதில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. மாதக்கணக்கில் முன்பே கற்றுக்கொடுத்தால் மறந்துபோகும். கடைசி நாளில் வைத்தால் தடுமாறுபவருக்கு மறுபடி சொல்லித்தர நேரமிருக்காது. வேலை தாமதமானாலும் திறப்பு நாள் அசையாது. இடையில் இருக்கும் பயிற்சி நாள்கள்தான் வெட்டுப்படும்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது இது வெளிப்படையாகவே தெரிந்தது. கட்டுமானம் இழுத்ததால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களுக்குப் புதிய இடத்தில் பழகக் கிடைத்த நேரம் சுருங்கியது. முதல் நாள் காலை அவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடினார்கள், பாதுகாப்புச் சோதனையில் தாமதப்பட்டார்கள். பயணப்பெட்டிகளைக் கையாளும் கணினியில் சிலரால் நுழையவே முடியவில்லை. கணினிக் கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, பெட்டிகள் ஆயிரக்கணக்கில் தேங்கின. அடுத்த நாள்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதும் பயிற்சிப் பாடம்தான் என்று பலருக்கு அன்றுதான் உறைத்திருக்கும்.

கையேடு எழுதுபவர்கள் மெனுவின் வரிசையில் எழுதிவிடுவது வழக்கமான தவறு. மருந்தக ஊழியர் தேடுவது மெனுவை அல்ல, ‘விற்ற மருந்தைத் திரும்ப வாங்குவது எப்படி’ என்பதை. அந்தப் பக்கத்தில் பில் எண்ணைத் தேடுவது, அட்டையில் உள்ள பேட்ச் எண்ணையும் காலாவதி தேதியையும் பில்லோடு ஒப்பிடுவது, எண்ணிக்கையைப் பதிவது, மேற்பார்வையாளர் ஒப்புதல் பெறுவது, பணம் திருப்பித் தருவது எல்லாம் செய்யும் வரிசையிலேயே வர வேண்டும். பில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். வரிசையில் நோயாளிகள் நிற்கும்போது யாரும் தடித்த புத்தகத்தைப் புரட்டமாட்டார்கள் என்பதால், அவசர வேலைகளுக்கு ஒற்றைத் தாளும் கவுன்டரில் ஒட்டப்படுகிறது.

கையேட்டைச் சோதிப்பது எளிது. பயிற்சிக்கு வராத ஊழியர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்த வேண்டும். பயிற்சி முடிந்ததற்கும் வருகைப் பதிவேடு சான்றாகாது. ஒவ்வொருவரும் துணையில்லாமல் ஒரு பில் போட்டு, ஒரு மருந்தைத் திரும்ப வாங்கிக் காட்டிய பிறகே வாடிக்கையாளர் கையெழுத்திட வேண்டும்.